கையெழுத்துப் போட வேண்டியவர் யார்?

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்குக் கையெழுத்து சும்மா கிடைத்ததல்ல. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பகலெல்லாம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்களும் வயலில் களை பறித்தவர்களும் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். அதே வேகத்தில் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அதுவரை கட்டைவிரலை மையில் உருட்டியவர்கள், யாரோ நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். சேரிப் பெண்களுக்கு அது எழுத்தறிவு மட்டுமல்ல. 'ரேகை வை' என்று அதட்டியவனிடம் 'படிச்சுக் காட்டு' என்று சொல்லும் துணிச்சல்.

அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிறார்கள். சிலர் பஞ்சாலை ஹாஸ்டலில் தங்குகிறார்கள். சிலர் விடியற்காலையில் ஊர் முனைக்கு வரும் கம்பெனி வேனில் ஏறி இரவில் திரும்புகிறார்கள். இவர்கள் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள். கையெழுத்து நன்றாகவே போடுவார்கள். ஆனால் வேலையில் சேரும் நாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 'சுமங்கலித் திட்டம்' பற்றி நெதர்லாந்தின் சோமோ நிறுவனமும் இந்தியக் குழு என்ற அமைப்பும் 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகள், ஒப்பந்த நகல்கூட கையில் தரப்படாத இளம்பெண்களைப் பற்றித்தான் பேசின. அவர்களில் தலித் பெண்கள் ஏராளம்.

இப்போது இவர்களிடம் இன்னொரு தாளும் நீட்டப்படுகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர், தொண்டு நிறுவனப் பணியாளர், வெளிநாட்டு பிராண்டுக்காகத் தணிக்கை செய்பவர் என்று யார் பேட்டி எடுக்க வந்தாலும் கையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று பங்கேற்பாளர் தகவல் தாள். ஆய்வு எதற்கு, யார் நடத்துகிறார்கள், என்ன கேட்பார்கள், என்ன ஆபத்து, சொன்னதை எங்கே வைப்பார்கள் என்று அது சொல்ல வேண்டும். மற்றது ஒப்புதல் படிவம். 'படித்தேன், புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்' என்ற வரிகளும் கையெழுத்துக்கான கோடும் அதில் இருக்கும். இந்த இரண்டு தாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகள் எல்லாம் இவற்றிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதால் இதை ஆய்வாளர்களின் அலுவலகச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது.

இந்தத் தாள் யாருக்காகப் பிறந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் பீடித்த கறுப்பின ஏழை ஆண்களுக்கு நோய் என்னவென்றே சொல்லாமல், மருந்து வந்த பிறகும் மருந்து கொடுக்காமல், அரசே அவர்களை வேடிக்கை பார்த்து ஆராய்ந்தது. அது அம்பலமானதற்குப் பிறகுதான் 'தெரிந்து கொடுக்கும் சம்மதம்' என்பது அங்கே சட்டமாக இறுகியது. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதை விரிவாகப் பேசுகின்றன. உடல்நலம் தொடர்பான சமூக ஆய்வுகளுக்கும் அவை பொருந்தும். ஆக, மறுத்துச் சொல்ல வலுவில்லாதவரைக் காக்கப் பிறந்த தாள் இது. நம் ஊரில் அது கேட்க வந்தவரைக் காக்கும் தாளாக மாறிவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கந்தர்வகோட்டைப் பக்கத்துச் சேரி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் 23 வயதுப் பெண்ணைப் பேட்டி எடுக்க ஆய்வாளர் வருகிறார். அவருக்கு வீட்டை அடையாளம் காட்டியவர், அந்தப் பெண்ணை வேலைக்குச் சேர்த்துவிட்ட அதே புரோக்கர். வரும் வழியில் ஊர்த் தெருவில் ஒரு பெரிய மனிதரிடம் 'உங்க ஊர்ப் பிள்ளைங்ககிட்டப் பேசணும்' என்று அனுமதி வாங்கியாயிற்று. வாசலில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வாளர் நான்கு பக்கத் தாளை எடுத்து வேகமாக வாசிக்கிறார். 'சரிங்களா?' என்கிறார். அந்தப் பெண் 'சரிங்க' என்கிறாள். கையெழுத்தும் போடுகிறாள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் எந்த விதியும் வெளிப்படையாக மீறப்படவில்லை என்பதைப் பாருங்கள். தாள் உண்டு, வாசிப்பு உண்டு, கையெழுத்து உண்டு. சம்மதம் மட்டும் இல்லை. புரோக்கர் கூட்டிவந்தவரிடம் 'மாட்டேன்' என்றால் அடுத்த மாதம் வேனில் இடம் இருக்குமா என்று அவள் யோசித்திருப்பாள். ஊர்ப் பெரியவர் அனுப்பியவரிடம் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாத தெரு அது. சாதியின் வேலையே இதுதான். யாரும் மிரட்டாமலேயே 'சரிங்க' வந்துவிடும்.

'வாயிற்காப்போர்' என்று ஆய்வுலகில் சொல்லப்படும் இந்த இடைநிலை ஆட்களின் அனுமதி, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று 2017 நெறிமுறையே சொல்கிறது. ஏன் சொல்ல வேண்டி வந்தது என்பதற்கு ஒரு கொடிய முன்னுதாரணம் இருக்கிறது. 2009-இல் ஒன்றுபட்ட ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளி வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆய்வை 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு நடத்தியது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் நிறையப் பேர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பிறகு விசாரணை நடந்தபோது, அங்கே ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள் என்று தெரிந்தது. 1,948-இல் இருந்தது வெறும் கைரேகை. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இந்த ஆய்வை மிகக் கடுமையாகக் கண்டித்தது.

அந்தத் தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். நாம் பார்க்க வேண்டியது அந்த 2,763 படிவங்களை. கோப்பில் அவை ஒப்புதல் படிவங்கள்தான். ஒப்புதல் கொடுப்பவர் போட வேண்டிய இடத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. அந்தச் சிறுமியின் தாய் தகப்பன் எங்கோ காட்டில் இருந்தார்கள். வார்டன் அருகில் இருந்தார், அதனால் வார்டன் போட்டார். நம் பஞ்சாலை ஹாஸ்டலிலும் ஒரு வார்டன் இருக்கிறார். கம்பெனியில் ஹெச்.ஆர். இருக்கிறார். 'நாலு பேரை அனுப்புங்க, பேசணும்' என்று ஆய்வாளர் கேட்டால் யாரை அனுப்புவார்கள்? வாயைத் திறக்காதவர்களை அனுப்புவார்கள். யார் யார் பேசினார்கள் என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கும். அதற்குப் பிறகு தாளில் 'இரகசியம் காக்கப்படும்' என்று எழுதி என்ன பயன்?

பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் சிக்கல் இன்னும் கூடும். நெறிமுறைப்படி பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், அவளுடைய இசைவும் வேண்டும். பெற்றோரே புரோக்கரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவர்கள் சுதந்திரமாகக் கொடுக்கும் ஒப்புதல் எது? அதனால்தான் பெற்றோர் 'சரி' என்ற பிறகும் அவள் 'வேண்டாம்' என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதைத் தாளில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அவளிடம் தனியாக வாயால் சொல்ல வேண்டும்.

அடுத்தது தாளின் மொழி. இந்தத் தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட பிறகு தமிழாக்கப்படுகின்றன. 'தாங்கள் எவ்வித அபராதமுமின்றி எந்நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி தவறாமல் வரும். கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணின் காதுக்கு 'விலகிக்கொள்ளலாம்' என்றால் வேலையை விட்டு விலகுவது. 'அபராதம்' என்றால் லேட்டாக வந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பது. பேட்டிக்கு வராவிட்டால் வேலை போகும், சம்பளம் பிடிப்பார்கள் என்ற பேச்சு எங்கோ இருக்கிறது போல என்று அவள் பயந்தால் தப்பு அவளுடையதல்ல. 'பேசப் பிடிக்கலைன்னா பாதியிலயே நிறுத்திரலாம். நீங்க பேசலைன்னு கம்பெனிக்கு நாங்க சொல்ல மாட்டோம். பேசுனீங்கன்னும் சொல்ல மாட்டோம்' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். நெறிமுறைக் குழுவிலுள்ள பேராசிரியர்கள் பேச்சுத்தமிழைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்றால் சுளிக்கட்டும்.

புரிந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 'புரிஞ்சுதா?' என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்விக்கு நம் பெண்கள் 'ம்' என்றுதான் சொல்வார்கள். 'நான் சொன்னதை உங்க தங்கச்சிக்கு எப்படிச் சொல்வீங்க?' என்று கேட்க வேண்டும். 'இவங்க கம்பெனியைப் பத்திக் கேக்க வந்திருக்காங்க, நம்ம பேரு வராதாம், லோன் ஏதாவது கிடைக்கும் போல' என்று அவள் சொன்னால் மூன்றாவது விஷயம் தவறாகப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சேரிக்குள் தாளோடு வருபவர் என்றால் வீடு, பட்டா, லோன் என்ற நம்பிக்கை எழுவது இயற்கை. 'இதனால உங்களுக்கு வீடோ பணமோ வேலையோ கிடைக்காது' என்று நேராகச் சொல்லும் வரி தாளின் முதல் பாதியிலேயே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் இருந்தால் அது ஏமாற்று.

இப்போது நாம் முக்கியமாகப் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறோம். சாதி. படிவம் 'உங்கள் பெயர் மாற்றப்படும்' என்று உறுதி கொடுக்கிறது. பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டோம் என்ற நினைப்பு நகரத்துக்குப் பொருந்தலாம், கிராமத்துக்குப் பொருந்தாது. மேலே சொன்ன பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அறிக்கை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'மலர், 23, தலித், கணவரைப் பிரிந்தவர், கந்தர்வகோட்டை ஒன்றியம், செக்கிங் பிரிவில் நான்கு ஆண்டுகள்.' மலர் என்பது மாற்றுப் பெயர். கம்பெனியில் 400 பேர் வேலை செய்யட்டும். கந்தர்வகோட்டைப் பக்கமிருந்து வரும் வேனில் 18 பேர். அதில் சேரிப் பெண்கள் ஆறு பேர். அவர்களில் செக்கிங்கில் இருப்பவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் கணவரைப் பிரிந்தவர் ஒருத்திதான். சூப்பர்வைசருக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட வேண்டாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை, கணக்கு மட்டும் எல்லா இடத்துக்கும் இதுதான்.

ஒவ்வொரு விவரமும் தனித்தனியே தீங்கற்றது. சேர்ந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. கூட்டம் சிறியதாக இருக்கும் இடத்தில் சாதிதான் மிகக் கூர்மையான அடையாளம். இன்னொன்றும் உண்டு. கம்பெனியில் தன் சாதியைச் சொல்லாமல் வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஹாஸ்டல் அறையில், சாப்பாட்டு வரிசையில் ஒதுக்கப்படாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது. அவர்களைப் பொறுத்தவரை அறிக்கையில் 'தலித்' என்ற சொல்லே ஓர் அம்பலம்.

அதற்காகச் சாதியைக் கேட்காமல் விட்டுவிடலாமா? கூடாது. சாதியைக் கேட்காத ஆய்வு, யார் டெய்லர் ஆகிறார்கள், யார் ஹெல்பராகவே நிற்கிறார்கள், யாரிடம் சூப்பர்வைசர் கை நீட்டத் துணிகிறான் என்பதை மறைத்துவிடும். 'பெண் தொழிலாளர்' என்று பொதுவாகப் பேசிச் சாதியை விழுங்கிய ஆய்வுகளை நாம் நிறையப் பார்த்தாயிற்று. சாதியைக் கேட்பதென்றால் மூன்று விஷயங்களைத் தகவல் தாள் சொல்ல வேண்டும். சாதியைக் கேட்கப் போகிறோம் என்பதையும் ஏன் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்று சொல்ல வேண்டும். அறிக்கையில் சாதியையும் ஊரையும் வேலைப் பிரிவையும் ஓரிடத்தில் சேர்த்து எழுத மாட்டோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். சாதி பேசப்படும் இடத்தில் ஊர் 'மத்திய மாவட்டம் ஒன்று' ஆகட்டும். ஊர் பேசப்படும் இடத்தில் கதையை எல்லாப் பெண்களுடையதாகவும் சேர்த்துச் சொல்லட்டும்.

கேட்பவரின் சாதியும் இதில் உண்டு. 'நீங்க எந்த ஆளுங்க?' என்று ஆய்வாளரிடம் அந்தப் பெண் திருப்பிக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் உட்கார்ந்த விதத்தை வைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்பதை வைத்து அவள் கணித்துவிடுவாள். எந்தத் தாளாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

அடுத்து, தாள் கொடுக்கும் வாக்குறுதிகளில் காப்பாற்ற முடியாதவை. 'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது' என்ற வரி ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் இருக்கிறது. அது பொய். எழுதுபவருக்கே தெரியாத பொய்யாகவும் இருக்கலாம். 2012-இன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. இப்போது 22 வயதான பெண், 'நான் பதினாறு வயசுல மில் ஹாஸ்டல்ல இருந்தப்போ' என்று தொடங்கினால்? காலம் கடந்துவிட்டது என்று சட்டத்தின் வாசகம் யாரையும் விடுவிக்கவில்லை. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளருக்கும் தொழிலாளிக்கும் நடுவே அப்படி ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. நீதிமன்றம் கேட்டால் ஒலிப்பதிவைக் கொடுக்க வேண்டி வரலாம்.

இதைச் சொல்லாமல் பேசவைப்பது அவளைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொள்வது போன்றது. அவள் சம்மதித்தது ஓர் அக்காவிடம் மனதைக் கொட்ட. கிடைத்தது போலீஸ் ஜீப்பும் ஊர்ப் பேச்சும். வேங்கைவயலும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் சேரியின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதாகப் புகார் கொடுத்தது தலித் மக்கள். 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே தலித் மக்களில் சிலர். அந்த வழக்கைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அது எங்கே போய் முடியும் என்ற பயம் இந்தச் சேரிகளுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் ஆய்வாளர் புரிந்துகொள்ளட்டும்.

எனவே தாள் இப்படிச் சொல்ல வேண்டும்: 'பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குப் பாலியல் கொடுமை நடந்ததா நீங்க சொன்னா, நாங்க போலீஸ்கிட்டச் சொல்லணும்னு சட்டம் இருக்கு. அதை யோசிச்சுச் சொல்லுங்க. அந்த மாதிரி எதையாவது சொல்லணும்னு நினைச்சா, முதல்ல ஒரு வக்கீல்கிட்டப் பேசிட்டுச் சொல்லலாம். நாங்க ஏற்பாடு பண்றோம்.' இப்படிச் சொன்னால் அவள் சிலவற்றைச் சொல்லாமல் விடுவாள்தான். விடட்டும். எதைச் சொல்வது என்று அவள் தீர்மானிப்பதற்குப் பெயர்தான் சம்மதம்.

கடைசியாகக் கையெழுத்து. கோப்பில் இருக்கும் எல்லாவற்றிலும் ஆபத்தானது அந்த ஒப்புதல் படிவம்தான் என்பதை யோசித்திருக்கிறீர்களா? பேட்டியில் பெயரை மாற்றியாயிற்று, ஒலிப்பதிவுக்கு எண் கொடுத்தாயிற்று. அந்தப் பெண் பேசினாள் என்பதற்கு உண்மைப் பெயரோடு இருக்கும் ஒரே சாட்சி அவள் கையெழுத்துப் போட்ட தாள். அது ஆய்வாளரின் பையில் பஸ்ஸில் போகிறது, விடுதி அறையில் கிடக்கிறது, அலுவலக அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. அவளுக்குக் கொடுத்த நகலும் ஆபத்துதான். சங்கத்தோடு பேசியதாகவோ கம்பெனியைப் பற்றிப் பேசியதாகவோ காட்டும் தாள், ஹாஸ்டல் பெட்டியைச் சோதிக்கும் வார்டன் கையில் கிடைத்தால் போதும்.

இந்தச் சிக்கலை மற்றவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். ஆளை ஆய்வோடு இணைக்கும் ஒரே ஆவணம் ஒப்புதல் படிவம்தான், இரகசியம் கசிவதுதான் முக்கிய ஆபத்து என்றால், கையெழுத்து வேண்டாம் என்று நெறிமுறைக் குழு விலக்கு அளிக்கலாம் என்கிறது அமெரிக்க விதி. நம் 2017 நெறிமுறையும் குழுவின் ஒப்புதலோடு வாய்மொழிச் சம்மதத்தை அனுமதிக்கிறது. வழி திறந்தே இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. ஏனென்றால் கையெழுத்து இருந்தால் நிறுவனத்துக்கு நிம்மதி.

நாம் சொல்வது இதுதான். கையெழுத்துக் கோட்டை மாற்றிப் போடுங்கள். தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆய்வாளர். 'இன்னாராகிய நான், இந்த நிறுவனத்தைச் சேர்ந்தவன். இந்தத் தேதியில் உங்களிடம் பேசினேன். கம்பெனியிடமோ புரோக்கரிடமோ உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். சாதியையும் ஊரையும் வேலைப் பிரிவையும் சேர்த்து எழுத மாட்டேன். ஒலிப்பதிவை எழுதி முடித்ததும் அழிப்பேன். இந்தத் தேதி வரை நீங்கள் போன் செய்து "என் பேச்சை எடுத்துருங்க" என்று சொன்னால் எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அறிக்கை அச்சுக்குப் போய்விடும், எடுக்க முடியாது' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுக்கட்டும். அந்தத் தாளில் அவள் பெயர் இருக்க வேண்டியதில்லை. கம்பெனிப் பெயரும் வேண்டாம். தலைப்பு 'பெண்களின் வேலையும் வாழ்வும்' என்பது போலச் சாதாரணமாக இருக்கட்டும். அதுவும் வீட்டில் வைக்கப் பயம் என்றால், அவள் நம்பும் ஒருவரிடம், சங்கத்திலோ மகளிர் குழுவிலோ வைத்துக்கொள்ளட்டும்.

அவளுடைய சம்மதத்தை வாயால் வாங்கலாம். ஆனால் மொத்தமாக ஒரே 'சரி' போதாது. பேசச் சம்மதமா, ஒலிப்பதிவு செய்யலாமா, சாதியைக் கேட்கலாமா, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி, ஒன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 'சரிங்க' மட்டுமே வருகிறது என்றால், அது சம்மதமல்ல, பணிவு என்று ஆய்வாளர் சந்தேகப்பட வேண்டும். அன்றைக்குப் பேட்டி எடுக்காமல் திரும்பி, அடுத்த வாரம் வேறு வழியாக வர வேண்டும்.

'கையெழுத்து இல்லையென்றால் போகாத ஊருக்குப் போனதாக ஆய்வாளரே பொய்ப் பேட்டி எழுதமாட்டாரா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொய் எழுதுபவருக்குக் கையெழுத்தும் போடத் தெரியும் என்பதற்கு வார்டன்கள் போட்ட படிவங்களே சாட்சி. அந்தப் பெண் தேர்ந்தெடுக்கும் ஒருவரைச் சாட்சியாக வைப்பதும், பெயர் சொல்லாமல் சம்மதத்தை மட்டும் குரலில் பதிவதும் அதைவிட நம்பகமானவை.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். 'எங்களை ஏன் ஒளித்துவைக்கிறீர்கள்? எங்கள் பெயரோடு பேசுவோம்' என்று. இதை நான் மதிக்கிறேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டு, அவளுடைய சூப்பர்வைசர் கைதானபோது, சக தொழிலாளிகள் வாய் திறந்தார்கள். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அவர்களோடு நின்றது. அதனால்தான் 2022 ஏப்ரலில் பாலியல் வன்முறைக்கும் சாதியப் பாகுபாட்டுக்கும் எதிரான திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பெயரோடு பேச விரும்புகிறவருக்குத் தாளில் அதற்கும் இடம் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்கள் பேசியபோது பின்னால் ஒரு சங்கம் இருந்தது. கந்தர்வகோட்டை வேனில் தனியே ஏறும் பெண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பெயரைக் கேட்க வேண்டும்.

நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேரிக்குள் ஆய்வாளர் வந்தால் விரட்ட வேண்டாம். தாளை வாங்குங்கள், உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யார் கூட்டிவந்தது என்று கேளுங்கள். பதிவை எப்போது அழிப்பார், அறிக்கையைத் தமிழில் எப்போது இங்கே கொண்டுவந்து வாசிப்பார் என்று கேளுங்கள். பிறகு பேனாவை அவரிடம் கொடுத்து, 'நீங்க முதல்ல போடுங்க' என்று சொல்லுங்கள்.